‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு: ஒரு தயக்கத்தின் இலக்கணம்

நட்பு முற்றும்போது ‘நீங்க’ உதிர்ந்து ‘நீ’ வந்துவிடுகிறது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பழம் கனிவதைப்போல இது தானாக நடக்கும் என்றும், ‘நீ’ என்பது நெருக்கம், ‘நீங்க’ என்பது தூரம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். இந்த நம்பிக்கையோடுதான் நானும் ஒரு நண்பரிடம் 2018இல் ஒருநாள் ‘நீ’ என்றேன். அவர் அதற்குப் பிறகும் ‘நீங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் முதலில் கூச்சமென்றும், பிறகு பிடிவாதமென்றும், அப்புறம் என்மேல் நம்பிக்கையின்மையென்றும் வாசித்தேன். மூன்று வாசிப்பும் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மொழியிலிருந்து தொடங்குவோம். சங்கப் பாடல்களில் புலவன் அரசனை ‘நீ’ என்றுதான் விளிக்கிறான். நீயிர், நீவிர், நீர் எல்லாம் அங்கே பலரைக் குறிக்கும் பன்மை. ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்த்திச் சொல்லும் வழக்கு, அது இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதாவது மரியாதைப் பன்மை இலக்கணத்துக்கு வெளியிலிருந்து, சமூகத்திலிருந்து, மொழிக்குள் வந்தது. பிற்பாடு ‘நீர்’ ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட்டது. அதற்கும் மேலே ‘கள்’ ஏறிய ‘நீங்கள்’ வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ‘வாரும்’, ‘சொல்லும்’ என்பவற்றிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ‘நீர்’ இன்னும் நடுப்படியாக இருக்கிறது. கீழேயும் போகாமல் மேலேயும் போகாமல் ஒத்தவரை நிறுத்திப் பேச அவர்களுக்கு ஒரு படி உண்டு. எங்கள் கொங்குப் பேச்சில் முன்னிலையில் அந்த நடுப்படி கிடையாது. ‘நீங்க’ இல்லையென்றால் ‘நீ’ என்று நேரே தாண்டித்தான் ஆகவேண்டும்.

ஆனால் தாண்டுகிறவர்கள் உண்மையில் அப்படித் தாண்டுவதில்லை. இடையில் மாதக்கணக்காக, சிலசமயம் வருஷக்கணக்காக, இரண்டையும் சொல்லாமல் பேசுகிறார்கள். இதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக முக்கியமான பகுதி. நம் எழுத்தாளர்களும் கவனிக்காமல் விட்ட பகுதி. கதைகளில் பாத்திரங்கள் ஓர் அத்தியாயத்தில் ‘நீங்க’ என்கிறார்கள், அடுத்ததில் ‘நீ’ என்கிறார்கள். நடுவில் என்ன பேசினார்கள் என்பது அத்தியாய இடைவெளிக்குள் போய்விடுகிறது.

நானும் நண்பரும் 2015இல் ஈரோட்டில் ஒரு கூட்டத்தில் அறிமுகமானோம். ‘தோழர், நீங்க’ என்று தொடங்கினோம். என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரே தட்டில் சாப்பிடும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. ‘நீங்க’ நாக்கில் உறுத்தத் தொடங்கியது, ‘நீ’ வரவில்லை. அந்தக் காலத்தில் நான் பேசிய வாக்கியங்களைப் பின்னால் யோசித்துப் பார்த்தேன். ‘சாப்பிட்டாச்சா?’, ‘டீ சொல்லட்டுமா?’, ‘எப்பக் கெளம்பறது?’, ‘கட்டுரை என்னாச்சு?’, ‘நாளைக்குப் போலாமா?’, ‘அந்தப் புத்தகம் பிடிச்சுதா?’ இவற்றில் ஒன்றிலும் முன்னிலை இல்லை. தமிழ் வினை எழுவாயை விழுங்கிவிடும், ஆனால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும் என்பது நமக்குத் தெரியும். ‘வந்தியா’ என்றால் ஒருமை, ‘வந்தீங்களா’ என்றால் பன்மை. காட்டிக்கொடுக்காத வினைகளும் தமிழில் இருக்கின்றன. ‘-லாம்’, ‘-ணும்’, ‘-ட்டும்’, ‘ஆச்சு’, ‘பிடிக்குது’, ‘தெரியும்’ ஆகியவற்றுக்கு ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. இறந்தகால எதிர்மறைக்கும் கிடையாது. அதனால் ‘நேத்து வந்தீங்களா?’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘நேத்து வரலியா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்திருந்தாலும்கூட அப்படித்தான் கேட்டேன்.

நடுவழியில் நிற்பதற்கு இன்னொரு அடையாளம் படர்க்கையில் தெரியும். அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசும்போது ‘அவர் சொன்னாரு’ என்பது ‘சொன்னாப்ல’ என்று ஆகிவிட்டிருந்தது. ‘சொன்னான்’ இல்லை, ‘சொன்னாரு’வும் இல்லை. முன்னிலையில் நமக்கு இல்லாத நடுப்படி படர்க்கையில் இப்படி இருக்கிறது. நேரே சொல்லத் துணியாததை முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பழகிக்கொள்கிறோம். முதுகுக்குப் பின்னால் பேசுவதில் நல்லதும் உண்டு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தப்பிக்கவே முடியாத இடம் ஏவல். ‘பாரு’ என்றாக வேண்டும், அல்லது ‘பாருங்க’. போன் வந்ததிலிருந்து இதிலும் மிகக் கறாரான இடம் ஒன்று முளைத்திருக்கிறது. அழைப்பது யார் என்று திரையில் பெயர் தெரிகிறது, எடுத்தவுடன் சொல்லவேண்டிய முதல் வார்த்தை ‘சொல்லுங்க’வா, ‘சொல்லு’வா? நான் ‘ஹலோ’ என்று எடுத்து, அவர் பேசத் தொடங்கும்வரை காத்திருப்பேன். 2018இல் ஒரு மழை நாள் இரவு, அவர் பஸ் கிடைக்காமல் பெருந்துறையில் நின்றுகொண்டு கூப்பிட்டபோது, யோசிக்காமல் ‘சொல்லு, எங்க நிக்கற?’ என்றேன். சந்தோஷமாக இருந்தது. ஒரு வேலையை முடித்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் ‘பெருந்துறைல நிக்கறனுங்க’ என்றார்.

அந்த ‘ங்க’ மூன்று வருஷம் அப்படியே நின்றது. நான் ‘நீ’ என்பதும் அவர் ‘நீங்க’ என்பதுமாக எங்கள் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்துபோனது.

இந்தச் சாய்வைப் பற்றி ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960இல் எழுதிய கட்டுரை, அதிகாரம், தோழமை என்னும் இரண்டு அச்சுகளில் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை வைத்துப் பார்க்கிறது. பரஸ்பரம் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டால் தோழமை, ஒருவர் ஒருமை சொல்ல மற்றவர் பன்மை சொன்னால் அதிகாரம். ஒருமைக்கு மாறலாம் என்று முதலில் சொல்லும் உரிமை மேலே இருப்பவருக்கே உண்டு என்பதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். நெருக்கத்தின் கதவுக்குச் சாவி உயரத்தில் இருப்பவன் இடுப்பில்தான் இருக்கிறது. ஸ்டீஃபன் லெவின்சன் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. யார் யாருக்கு ஒருமை கொடுக்கிறார்கள், யார் யாரிடமிருந்து பன்மை வாங்குகிறார்கள் என்பதை வைத்தே சாதிகளின் வரிசையைப் படித்துவிடலாம் என்பதை அது காட்டியது. இதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரனுக்கு ஆய்வு தேவையில்லை. ஆறு வயதில் நானே என் தாத்தா வயசுக்காரரை ‘நீ’ என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைச் ‘சாமி’ என்றார். என் பாட்டியும் என்னைச் ‘சாமி’ என்றுதான் கொஞ்சினாள். ஒரே சொல்தான். ஒருத்தி கொஞ்சுவதற்குச் சொன்னாள், இன்னொருவர் வேறு வழியில்லாமல் சொன்னார். எனக்கு அந்த வயதில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுந்தன என்பதுதான் விஷயம்.

நண்பர் தலித். வயதில் நான் மூத்தவன், சாதியடுக்கில் மேலே வைக்கப்பட்டவன். இரண்டு சாவியும் என்னிடம். அதைத் தெரிந்தேதான் நான் கதவைத் திறந்ததாக எண்ணிக்கொண்டேன். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று எனக்குள் குறைப்பட்டும் கொண்டேன்.

இது வெளியே வந்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலையில். 2021இல் நாங்கள் இருவரும் செகாவின் 1899ஆம் வருஷத்துக் கதையை, தமிழில் ‘நாய்க்காரச் சீமாட்டி’ என்று பலரும் படித்திருக்கும் கதையை, ஆங்கிலத்திலிருந்து மறுபடி செய்துகொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். குரோவும் அன்னாவும் எந்த வரியிலிருந்து ‘நீ’ என்று பேசிக்கொள்ளவேண்டும் என்பதை நாங்கள்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. ஆங்கிலம் வழியாக ரஷ்ய இலக்கியத்தைக் கொண்டுவந்த எல்லாத் தமிழாக்கங்களும் இந்த இடத்தில் ஊகித்தே ஓடியிருக்கின்றன. நான் சொன்னேன்: யால்டா ஓட்டல் அறைக் காட்சியிலிருந்து இருவரும் ‘நீ’. உடலே ஒன்றான பிறகு ‘நீங்க’ என்ன? நண்பர், ‘ரஷ்யத்துல பாத்துரலாம்’ என்றார். ரஷ்ய மொழி தெரிந்த ஒருவரை மூலத்திலிருந்து உரையாடல்களை மட்டும் படித்துக்காட்டச் சொன்னோம்.

அந்த அறையில் குரோவ் மட்டுமே ஒருமைக்கு மாறுகிறான். அன்னா, நீங்கள் இனி என்னை மதிக்கமாட்டீர்கள் என்ற பொருளில் சொல்லும்போதும், என்னை நம்புங்கள் என்று மன்றாடும்போதும் பன்மையிலேயே நிற்கிறாள். உன்மேல் எனக்கு ஏன் மதிப்புக் குறையப்போகிறது என்று அவன் ஒருமையில் பதில் சொல்கிறான். மதிப்பைப் பற்றிய பேச்சில் மதிப்பு விகுதி ஒரு பக்கம்தான் இருக்கிறது. பிறகு ஒரியாந்தாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, புல்லில் பனி இறங்கியதையும் வீடு திரும்பும் நேரம் ஆகிவிட்டதையும் பற்றி இரண்டே வாக்கியம் பேசுகிறார்கள். இரண்டிலும் முன்னிலை இல்லை. என்னுடைய ‘சாப்பிட்டாச்சா?’ எனக்கு ஞாபகம் வந்தது. ரயிலேறும்போதும் அவள் பன்மையில்தான் விடைபெறுகிறாள். அவளுடைய ஊர் நாடக அரங்கின் மாடிப்படியில் அவன் போய் நிற்கும்போது ஒரு விஷயம் நடக்கிறது: குரோவே பன்மைக்குத் திரும்புகிறான். புரிந்துகொள்ளுங்கள் என்று அவளைக் கெஞ்சுகிறான். கடைசி அத்தியாயத்தில், மாஸ்கோ ஓட்டல் அறையில், அவன் ஒருமையில் நலம் விசாரிக்கிறான். அவள் அழுதுகொண்டே, கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறாள். அந்த ஒற்றை ஏவல் வினை ஒருமையில் இருக்கிறது. பெயர்ச்சொல் கூட இல்லை, விகுதிதான். அவள் கடந்துவிட்டாள் என்பதைக் கதை அதற்குமேல் சொல்வதில்லை.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் படித்தால் இந்த அன்னா காணாமல் போய்விடுகிறாள். அறைக் காட்சியிலேயே இருவரையும் ‘நீ’ என்று பேசவைத்த என் வரைவில், குரோவ் எடுத்துக்கொண்ட உரிமை இருவருடைய நெருக்கமாக மாறியிருந்தது. ஆணின் விருப்பத்தைப் பெண்ணின் சம்மதமாக எழுதியிருந்தேன் என்று சொன்னாலும் மிகையில்லை. அவள் ‘நீங்க’ என்பதில் பயமும் வெட்கமும் இருக்கலாம். ஆனால் அந்த ‘நீங்க’ அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே மறுப்பும்கூட. நீ மாறிவிட்டாய், நான் இன்னும் மாறவில்லை என்று அது சொல்கிறது.

இதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். நண்பர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘அந்தம்மாளப் புரியுது, என்னையப் புரியலியா?’ என்றார்.

அன்று அவர் சொன்னவற்றை என் ஞாபகத்திலிருந்து தருகிறேன். ‘நீங்க என்னைய நீன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கப்பாவ அந்தச் சொல்லுலதானுங்க தோட்டத்துக்காரப் பசங்க கூப்புட்டாங்க. எனக்குக் காதுல ரெண்டும் சேந்துதான் விழும். நீங்க அப்படிச் சொல்லலேன்னு ஒவ்வொரு தடவையும் நாந்தான் எனக்குச் சொல்லிக்கணும். அந்த வேலை உங்களுக்கில்ல, எனக்குத்தான்.’

பிறகு இன்னொன்றும் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் தை மாதம் அவரை எங்கள் ஊருக்கு அழைத்துப்போயிருந்தேன். வாசலில் அம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். அதுவரை ‘நீ’ என்று பேசிக்கொண்டு வந்தவன், வாசலில் ‘உள்ள வாங்க தோழர், உக்காருங்க’ என்றேன். வீட்டார் அவருக்கு மரியாதை தரவேண்டுமென்றால் நான் முதலில் தந்து காட்டவேண்டும் என்பது என் கணக்கு. அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டார்: ‘எனக்கு மரியாதை வாங்கித்தரத்தான் மாத்துனீங்களா? இல்ல, நாம இவ்வளவு நெருக்கம்னு அவங்களுக்குத் தெரியாம இருக்கவா?’ நான் பதில் சொல்லவில்லை. இரண்டும்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. மாடிப்படியில் குரோவ் எதற்குப் பன்மைக்குத் திரும்பினான் என்பதும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

‘நானும் நீன்னு சொல்லலாம்’ என்றார் அவர். ‘அறைக்குள்ள சொல்றது பெரிசில்ல. உங்க வீட்டு வாசல்ல, உங்க பெரியப்பா முன்னால சொல்லணும். அங்க சொல்ல முடியாத சொல்ல இங்க சொன்னா அது ரகசியம். நட்புன்னு அதச் சொல்ல முடியாது.’

நம் இயக்கங்களில் இதைப் பற்றி ஒரு குழப்பம் இருப்பதாக நினைக்கிறேன். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் மரியாதைப் பன்மையை விட்டு எல்லோரும் எல்லோரையும் ஒருமையில் அழைக்கவேண்டும் என்று முனைந்தார்கள். சமத்துவம் என்றால் மேலிருப்பவனைக் கீழே இறக்கி ஒருமையில் நிறுத்துவது என்ற எண்ணம் அங்கிருந்து நமக்கும் ஒட்டியிருக்கிறது. ஆனால் இங்கே ஒருமை ஏற்கெனவே பங்குபோட்டுக் கொடுக்கப்பட்டுவிட்ட சொல். கிழவரானாலும் ‘நீ’தான் என்று தலைமுறைகளாக வாங்கியவர்களுக்கு அதை மறுபடி சமத்துவம் என்று பரிசளிக்கமுடியாது. பெரியார் வயதில் மிகச் சிறியவர்களையும் ‘வாங்க, சொல்லுங்க’ என்றே பேசுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் முன்பு பழைய காலத்து நாகரிகமாக எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது வேறொரு சமத்துவத் திட்டமாகப் படுகிறது. மேலேயிருப்பவனை இறக்குவதற்குப் பதிலாக, பன்மை மறுக்கப்பட்டவர்களுக்கெல்லாம் பன்மையைக் கொடுத்துவிடுவது. பரஸ்பர ‘நீ’ போலவே பரஸ்பர ‘நீங்க’வும் சமம்தான். சமமில்லாதது சாய்வு மட்டுமே.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ‘நீங்க’வை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நெருக்கத்தை எதில் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சண்டை போட்ட நண்பர்கள் ‘நீங்க சொன்னாச் சரிதானுங்க’ என்று பன்மைக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே மரியாதை, கதவைச் சாத்துகிற சத்தம். எந்த விகுதியும் தன்னளவில் அன்போ அவமதிப்போ அல்ல. அதை யார் முதலில் சொன்னார், மற்றவர் திருப்பித் தந்தாரா, யார் எதிரில் சொல்லமுடிந்தது என்பவைதான் அதற்குப் பொருள் தருகின்றன. ஒருவர் ‘நீ’ என்ற பிறகு மற்றவர் பன்மையிலேயே நின்றாலோ, ‘ஆச்சா, போலாமா’ என்று விகுதியில்லாத வினைகளிலேயே நகர்ந்துகொண்டிருந்தாலோ, அதைக் கூச்சமென்று தள்ளிவிடக்கூடாது. அது பதில். நான் மூன்று வருஷம் அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை.

நான் ‘நீங்க’வுக்குத் திரும்பினேன். எளிதாக இருக்கவில்லை. முதல் சில வாரம் ஏதோ கோபித்துக்கொண்ட மாதிரி ஒலித்தது. அவரே ஒருமுறை, ‘கோவமில்லியே?’ என்று கேட்டார். அந்த வினையிலும் விகுதியில்லை. நாளடைவில் இரண்டு பக்கமும் ‘நீங்க’ என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பழைய ‘தோழர், நீங்க’ அல்ல இது. ஒருதரம் ‘நீ’க்குப் போய்த் திரும்பிவந்த ‘நீங்க’ வேறு மாதிரி இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அவரை ‘அவர்’ என்றே எழுதியிருப்பதும் அந்த ஏற்பாட்டின்படிதான். எழுதலாமா என்று கேட்டு, அவர் படித்த பிறகே தருகிறேன்.

செகாவின் கதையில், அறைக் காட்சியில் குரோவை ‘நீ’ என்றும் அன்னாவை ‘நீங்க’ என்றும் பேசவைத்தோம். மாடிப்படியில் இருவருக்கும் ‘நீங்க’. கடைசி அத்தியாயத்தில் அவள் வாய்க்கு ‘இரு’ என்பதா, ‘இருங்க’ என்பதா என்று எங்களுக்குள் அரைநாள் விவாதம் நடந்தது. தமிழ் வாசகருக்கு ‘இரு’ என்பது திடீரென்று இருக்கும் என்றேன் நான். ‘திடீர்னு இருக்கட்டும், அவ வர்றதுக்கு அவ்வளவு நாளாச்சு’ என்று சொல்லி, ‘இரு’ என்று அவரே தட்டச்சு செய்தார்.

போனை எடுத்தால் இருவரும் ‘சொல்லுங்க’ என்றுதான் தொடங்குகிறோம். சென்ற மாதம் ஒரு கட்டுரையை நான் சொன்ன நாளில் தராததால் கோபத்தில் கூப்பிட்டார். எடுத்தவுடன், ‘நீ என்னதான் நெனச்சுட்டிருக்கற?’ என்றார். எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பாவும் பக்கத்தில் இருந்தார். போனின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ‘நீ திட்டறது சரிதான், ரெண்டு நாள் குடு’ என்றேன். யாரென்று பெரியப்பா கேட்டார். பெயரைச் சொன்னேன்.